குறிப்புரையில் சுருக்கம், மதிப்பீடு, பொருத்தம்: மூன்றையும் எப்படிப் பிரித்து எழுதுவது?

கேள்வி: ஆய்வுக்காகக் குறிப்புரையோடு கூடிய நூற்பட்டியல் தயாரிக்கிறேன். "சுருக்கம், மதிப்பீடு, பொருத்தம் மூன்றும் கலந்து கிடக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தெளிவான ஒரு வாக்கியம் வேண்டும்" என்று நெறியாளர் திருப்பித் தந்துவிட்டார். முல்லர், ஓப்பன்ஹைமர் 2014 கட்டுரைக்கு நான் எழுதியது இது:

"மடிக்கணினியில் குறிப்பெடுப்பதைவிடக் கையால் எழுதுவதே சிறந்தது என்பதை நிறுவும் மிக முக்கியமான இக்கட்டுரை, மாணவர்களிடம் நடத்திய சோதனைகளின் மூலம் மடிக்கணினி கற்றலைப் பாதிக்கிறது என்று தெளிவாக விளக்குகிறது. புகழ்பெற்ற ஆய்விதழில் வெளிவந்த நம்பகமான கட்டுரை என்பதால், குறிப்பெடுத்தல் பற்றிய என் ஆய்வுக்கு இது மிகவும் பயனுள்ளதாக இருக்கும்."

என் ஆய்வுக் கேள்வி: மடிக்கணினியில் குறிப்பெடுக்கும் கல்லூரி மாணவர்களுக்குச் சொந்தச் சொற்களில் சுருக்கி எழுதப் பயிற்சி தந்தால், கருத்து வினாக்களுக்கு அவர்கள் எழுதும் விடை மேம்படுமா? குறிப்புரையை எப்படித் திருத்துவது?

பதில்:

ஒரு வாக்கியம் சுருக்கமா, மதிப்பீடா, பொருத்தமா என்று சந்தேகம் வந்தால், "இது சரியா தவறா என்று யாரால் சொல்ல முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். சுருக்க வாக்கியத்தைக் கட்டுரை ஆசிரியரிடமே காட்டலாம். "ஆமாம், நாங்கள் செய்ததும் சொன்னதும் இதுதான்" என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். மதிப்பீட்டு வாக்கியத்தை அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அதே துறையில் வேலை செய்யும் இன்னொருவர் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சரிபார்க்கவோ மறுக்கவோ முடிந்தால் போதும். பொருத்த வாக்கியத்தைப் பற்றி இந்த இருவருக்கும் சொல்ல எதுவும் இருக்காது. உங்கள் ஆய்வுத் திட்டம் தெரிந்த நெறியாளர் மட்டுமே அதைச் சோதிக்க முடியும்.

இந்தச் சோதனையை உங்கள் பதிவில் வைத்துப் பார்ப்போம். முதல் வாக்கியம் சுருக்கம் போலத்தான் தோன்றுகிறது. ஆனால் "நிறுவும்", "மிக முக்கியமான", "தெளிவாக" ஆகிய மூன்று சொற்களும் தீர்ப்புகள். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது "மாணவர்களிடம் சோதனை நடத்தினார்கள், மடிக்கணினி கற்றலைப் பாதிக்கிறது என்கிறார்கள்" என்பதுதான். எத்தனை சோதனை, எதை அளந்தார்கள், எந்த வகை வினாவில் வேறுபாடு வந்தது என்ற எதுவுமே அதில் இல்லை. "கற்றலைப் பாதிக்கிறது" என்பது ஆசிரியர்கள் சொன்னதைவிட அகலமாகவும் இருக்கிறது. முதல் சோதனையில், கேட்ட உரையில் வந்ததை நினைவுகூரச் சொல்லும் தகவல் வினாக்களில் கையெழுத்துக் குழுவுக்கும் மடிக்கணினிக் குழுவுக்கும் வேறுபாடு வரவில்லை, புரிந்ததைப் பயன்படுத்தச் சொல்லும் கருத்து வினாக்களில்தான் வந்தது.

இரண்டாவது வாக்கியத்தில் மதிப்பீடும் பொருத்தமும் "என்பதால்" என்ற ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. "நம்பகமானது, அதனால் எனக்குப் பயன்படும்" என்பது அந்த வாதம். நம்பகமான கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் உண்டு, அவை எல்லாம் உங்களுக்குப் பயன்படுவதில்லை. ஒரு மூலம் நம்பகமாக இருப்பதற்கான காரணம் வேறு, அது உங்களுக்குத் தேவைப்படுவதற்கான காரணம் வேறு. இவை ஒரே வாக்கியத்தில் இருந்தால் இரண்டுமே சொல்லப்படாமல் போகின்றன. "கலந்து கிடக்கின்றன" என்று உங்கள் நெறியாளர் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

திருத்தும்போது பலரும் மேலிருந்து கீழாக வருகிறார்கள்: முதலில் சுருக்கத்தைச் செப்பனிட்டு, பிறகு மதிப்பீடு, கடைசியில் பொருத்தம். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். பொருத்த வாக்கியத்தை முதலில் எழுதுங்கள். கட்டுரையில் எதைச் சுருக்க வேண்டும், எந்தக் குறையைச் சொல்ல வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். முப்பது பக்க மூலத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டுமென்றால் பெரும்பகுதியை விட்டாக வேண்டும். எதை விடுவது என்பதற்கு வேறு அளவுகோல் இல்லை.

பொருத்த வாக்கியம்

"என் ஆய்வுக்குப் பயனுள்ளதாக இருக்கும்" என்பதைப் பட்டியலில் உள்ள எந்தப் பதிவின் கீழும் ஒட்டலாம். அதுவே அதன் குறை. பொருத்த வாக்கியத்துக்கு இரண்டு முனை வேண்டும். ஒரு முனையில் மூலத்தின் ஒரு குறிப்பிட்ட பகுதி, மறுமுனையில் உங்கள் ஆய்வின் ஒரு குறிப்பிட்ட இடம். இரண்டையும் இணைக்கும் வினை, அந்தப் பகுதியை நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைச் சொல்ல வேண்டும்: அளவையாக எடுத்துக்கொள்கிறேன், எதிர்வாதமாக வைக்கிறேன், இதன் வரையறையை ஏற்கிறேன், இது விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் கேள்வி பயிற்சியைப் பற்றியது. அப்படியானால் இந்தக் கட்டுரையில் உங்களுக்கு மிகவும் நெருக்கமானது எல்லோரும் மேற்கோள் காட்டும் முதல் சோதனை அல்ல, இரண்டாவது சோதனை. அதில் மடிக்கணினிக் குழு ஒன்றிடம், உரையைச் சொல்லுக்குச் சொல் எழுதாமல் சொந்தச் சொற்களில் எழுதும்படி முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஆனாலும் சொல்லுக்குச் சொல் எழுதும் பழக்கம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. நீங்கள் வெறும் அறிவுறுத்தலோடு நிற்காமல் பயிற்சி கொடுக்க நினைப்பதற்கு இதைவிட நேரடியான காரணம் கிடைக்காது. உங்கள் பதிவில் இந்தச் சோதனை பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆக, பொருத்த வாக்கியம் இப்படி வரும்:

"சொந்தச் சொற்களில் எழுதுங்கள் என்று சொல்வது மட்டும் போதவில்லை என்ற இரண்டாம் சோதனையின் முடிவிலிருந்தே என் ஆய்வு தொடங்குகிறது: அந்த அறிவுறுத்தலுக்குப் பதிலாகப் பயிற்சியை வைத்து, அதே வகைக் கருத்து வினாக்களால் விளைவை அளக்கிறேன்."

இந்த வாக்கியத்தை இன்னொரு மாணவரின் பட்டியலில் ஒட்டிப் பாருங்கள், ஒட்டாது. ஒட்டாமல் இருப்பதுதான் அது சரியாக அமைந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

சுருக்க வாக்கியம்

பொருத்தம் கைக்கு வந்துவிட்டால் சுருக்கத்தில் எது இருந்தே ஆக வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. பொருத்தத்தில் நீங்கள் சுட்டும் ஒவ்வொன்றும் சுருக்கத்தில் ஏற்கெனவே வந்திருக்க வேண்டும். இங்கே இரண்டாம் சோதனை, கருத்து வினா ஆகிய இரண்டும் கட்டாயம். அவற்றோடு எந்தச் சுருக்கத்துக்கும் வேண்டிய மூன்று விவரங்களைச் சேருங்கள்: என்ன கேட்டார்கள், எப்படிப் பார்த்தார்கள், என்ன கண்டார்கள். வினாவின் வடிவம், மாணவர் எண்ணிக்கை, புள்ளியியல் முறை எல்லாம் இங்கே வேண்டாம். மூன்றாவது சோதனையில் ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தார்கள். குறிப்பைத் திரும்பப் படிக்க நேரம் பெற்ற கையெழுத்துக் குழு அதில் முந்தியது. சுவையான முடிவுதான், ஆனால் உங்கள் கேள்விக்கு அது தேவையில்லை. விட்டுவிடலாம்.

தமிழில் சுருக்கம் எழுதும்போது வினைமுற்று கடைசியில் வருவது ஒரு சிக்கல். "ஆராய்ந்து, ஒப்பிட்டு, அளந்து, கண்டறிந்து" என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், முடிவு என்ன என்பதை வாசகர் அறிய நாற்பது சொல் காத்திருக்க வேண்டும். அதற்குள் எழுவாய் மறந்துபோகும். ஒரு வாக்கியத்தில் இரண்டு எச்சங்களுக்கு மேல் வந்தால் வெட்டி இரண்டாக்குங்கள். "ஒவ்வொன்றுக்கும் தெளிவான ஒரு வாக்கியம்" என்றால் மொத்தம் மூன்று வாக்கியத்துக்கு மேல் கூடாது என்று பொருளல்ல. ஒவ்வொரு வேலைக்கும் அதை மட்டுமே செய்யும் வாக்கியம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதே பொருள். சுருக்கத்துக்கு இரண்டு வாக்கியம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

அதைவிட நுட்பமான சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது. "நிறுவுகிறார்கள்" என்று எழுதினால் நீங்கள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். "சுட்டிக்காட்டுகிறார்கள்" என்பதும் அப்படியே, ஏற்கெனவே உண்மையாக இருப்பதைத்தான் சுட்டிக்காட்ட முடியும். "கூறிக்கொள்கிறார்கள்" என்றால் நம்பவில்லை என்று ஆகிறது. மூன்றுமே சுருக்கத்துக்குள் மதிப்பீட்டைப் புகுத்துகின்றன. சுருக்கத்துக்கு ஏற்ற வினைகள் சாய்வில்லாதவை: ஒப்பிட்டார்கள், அளந்தார்கள், கண்டார்கள், கருதுகிறார்கள், வாதிடுகிறார்கள், முன்வைக்கிறார்கள். இவற்றுக்குள்ளும் ஒரு வேறுபாட்டைக் காக்க வேண்டும். தரவில் தெரிந்ததற்குக் "கண்டார்கள்", அதற்கு ஆசிரியர்கள் தரும் விளக்கத்துக்குக் "கருதுகிறார்கள்". கருத்து வினாவில் வேறுபாடு வந்தது கண்டது. சொல்லுக்குச் சொல் எழுதியதுதான் அதற்குக் காரணம் என்பது அவர்கள் கருதுவது. இந்த இரண்டையும் ஒரே வினையில் முடித்தால் அடுத்த வாக்கியத்தில் மதிப்பிட இடமே இல்லாமல் போகும்.

"முல்லரும் ஓப்பன்ஹைமரும் மூன்று சோதனைகளில் கையால் குறிப்பெடுத்த கல்லூரி மாணவர்களை மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்களோடு ஒப்பிட்டு, கருத்து வினாக்களில் கையெழுத்துக் குழு முந்தியதைக் கண்டார்கள், மடிக்கணினிக் குழு உரையைச் சொல்லுக்குச் சொல் எழுதியதே காரணம் என்று கருதுகிறார்கள். இரண்டாம் சோதனையில், அப்படி எழுத வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியும் அந்தப் பழக்கம் குறையவில்லை."

"மிக முக்கியமான" போய்விட்டதைக் கவனியுங்கள். அது பொய் என்பதற்காக நீக்கவில்லை, ஆசிரியரிடம் சரிபார்க்க முடியாத சொல் என்பதற்காக நீக்கினேன்.

கட்டுரையின் முன்னால் இருக்கும் ஆய்வுச் சுருக்கத்தை எடுத்து மொழிபெயர்த்து இந்த இடத்தில் வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது இரண்டு வகையில் கெடுதல். சொந்தமாக எழுதியதாகாது என்பது ஒன்று. ஆசிரியர் தன் கட்டுரையில் எதை முன்னிறுத்த விரும்பினாரோ அதுவே உங்கள் பதிவிலும் முன்னிற்கும் என்பது மற்றொன்று. உங்களுக்கு வேண்டிய இரண்டாம் சோதனை இப்படித்தான் காணாமல் போயிருக்கும். கட்டுரையின் முறையியல் பகுதியையும் முடிவுப் பகுதியையும் படித்துவிட்டு, மூடி வைத்துவிட்டு எழுதுங்கள். பிறகு திறந்து விவரங்களைச் சரிபாருங்கள்.

மதிப்பீட்டு வாக்கியம்

உங்கள் பதிவில் மதிப்பீடாக இருப்பது "புகழ்பெற்ற ஆய்விதழில் வெளிவந்த நம்பகமான கட்டுரை". ஆய்விதழின் பெயர், சைக்கலாஜிக்கல் சயின்ஸ், நூற்பட்டியல் வரியிலேயே இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்வதால் வாசகருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. சக ஆய்வாளர்கள் பரிசீலித்து வெளியிட்டது என்பதும் நுழைவுச்சீட்டுதான், அதே இதழில் வந்த வலுவான கட்டுரைக்கும் பலவீனமான கட்டுரைக்கும் அது பொதுவானது. மதிப்பீட்டின் எழுவாய் இதழாகவோ ஆசிரியராகவோ இருக்கக் கூடாது. சான்று எழுவாயாக இருக்க வேண்டும்: எப்படி அளந்தார்கள், யாரிடம், எவ்வளவு நேரம், மற்றவர்கள் செய்து பார்த்தபோது என்ன ஆனது.

இதற்கு நான் சொல்லும் வடிவம் எளியது: இந்தச் சான்று இதுவரை தாங்கும், இதற்கு மேல் தாங்காது, காரணம் இது. "குறையும் சொல்ல வேண்டும்" என்பதற்காக "மாணவர் எண்ணிக்கை குறைவு", "பழைய ஆய்வு" என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. எந்தக் கூற்றுக்குப் போதாத எண்ணிக்கை, எது மாறியதால் பழையதாயிற்று என்று சொல்லாவிட்டால் அவை வெறும் சடங்கு.

இந்தக் கட்டுரையில் சொல்லத்தக்க வலிமை, தகவல் வினாவையும் கருத்து வினாவையும் தனித்தனியே அளந்தது. சொல்லத்தக்க வரம்பு, உரைகள் குறுகியவை, பதிவு செய்யப்பட்டவை. முதல் சோதனையில் மாணவர்கள் பார்த்தது சுமார் 15 நிமிடக் காணொளி, வினாக்கள் வந்தது சுமார் அரை மணி நேரம் கழித்து. பருவம் முழுக்க ஓடும் வகுப்பு வேறு.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2021-ல் ஹெதர் உர்ரியும் குழுவினரும் இதே முதல் சோதனையை அப்படியே திரும்பச் செய்து, அதே ஆய்விதழில் வெளியிட்டார்கள். மடிக்கணினியில் எழுதியவர்கள் அதிகச் சொற்கள் எழுதினார்கள், அதிகமாகச் சொல்லுக்குச் சொல் எழுதினார்கள். அந்தப் பகுதி மீண்டும் கிடைத்தது. ஆனால் தேர்வில் கையெழுத்துக் குழு முந்தவில்லை. இதை அறிந்த பிறகு "என்பதை நிறுவும்" என்று எழுதவே முடியாது. ஒரு மூலத்தை மதிப்பிடும் முன், அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளை ஒரு தேடு தளத்தில் பத்து நிமிடம் பார்த்தால் இதுபோன்றவை கண்ணில் பட்டுவிடும். சோதனை சார்ந்த எந்த மூலத்துக்கும் இதைக் கட்டாயம் என்றே கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நல்ல திருப்பம் கிடைக்கிறது. திரும்பச் செய்தபோது நிற்காமல் போனது கையெழுத்தின் மேன்மை, நின்றது சொல்லுக்குச் சொல் எழுதும் பழக்கம். உங்கள் ஆய்வு அந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. ஆகவே குறையை நேர்மையாக எழுதினாலும் உங்கள் பொருத்தம் ஆட்டம் காணாது, இன்னும் உறுதியாகும். ஆனால் இன்னொரு கேள்வியை அது உங்கள் முன் வைக்கிறது: பழக்கம் மாறினாலும் விடை மேம்படாமல் போகலாம். அதுவே உங்கள் ஆய்வு விடை காண வேண்டிய இடம் என்பதால் அதை மறைக்க வேண்டியதில்லை.

"தகவல் வினாவையும் கருத்து வினாவையும் பிரித்து அளந்தது இந்த ஆய்வின் வலிமை. ஆனால் குறுகிய காணொளி உரைகளை வைத்தே சோதித்ததாலும், 2021-ல் உர்ரி குழுவினர் முதல் சோதனையைத் திரும்பச் செய்தபோது சொல்லுக்குச் சொல் எழுதும் பழக்கம் மட்டுமே மீண்டும் தெரிந்து தேர்வு வேறுபாடு தெரியாமல் போனதாலும், அந்தப் பழக்கத்துக்கு இது நல்ல சான்று, கையெழுத்தின் மேன்மைக்குப் போதாத சான்று."

மூன்றும் சேர்ந்தபின்

நூற்பட்டியல் வரிக்குக் கீழே, சுருக்கம், மதிப்பீடு, பொருத்தம் என்ற வரிசையில் ஒரே பத்தியாக:

"முல்லரும் ஓப்பன்ஹைமரும் மூன்று சோதனைகளில் கையால் குறிப்பெடுத்த கல்லூரி மாணவர்களை மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்களோடு ஒப்பிட்டு, கருத்து வினாக்களில் கையெழுத்துக் குழு முந்தியதைக் கண்டார்கள். மடிக்கணினிக் குழு உரையைச் சொல்லுக்குச் சொல் எழுதியதே காரணம் என்று கருதுகிறார்கள். இரண்டாம் சோதனையில், அப்படி எழுத வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியும் அந்தப் பழக்கம் குறையவில்லை. தகவல் வினாவையும் கருத்து வினாவையும் பிரித்து அளந்தது இந்த ஆய்வின் வலிமை. ஆனால் உரைகள் குறுகிய காணொளிகள். மேலும் 2021-ல் உர்ரி குழுவினர் முதல் சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தப் பழக்கம் மீண்டும் தெரிந்தது, தேர்வு வேறுபாடு தெரியவில்லை. எனவே பழக்கத்துக்கு இது நல்ல சான்று, கையெழுத்தின் மேன்மைக்குப் போதாது. அறிவுறுத்தல் மட்டும் போதவில்லை என்ற இரண்டாம் சோதனையின் முடிவிலிருந்தே என் ஆய்வு தொடங்குகிறது: அதற்குப் பதிலாகப் பயிற்சியை வைத்து, அதே வகைக் கருத்து வினாக்களால் விளைவை அளக்கிறேன்."

சேர்க்கும்போது மதிப்பீட்டின் நீண்ட வாக்கியத்தை உடைத்துவிட்டேன். தனியாகப் படிக்கும்போது தாங்கிய நீளம் பத்திக்குள் தாங்கவில்லை. இது எல்லாருக்கும் நேர்வதுதான், ஆகவே சேர்த்த பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஆங்கிலத்தில் குறிப்புரைக்குப் பெரும்பாலும் 100 முதல் 200 சொல் என்று சொல்வார்கள். தமிழில் வேற்றுமையும் காலமும் சொல்லோடு ஒட்டிவிடுவதால் அதே பொருள் குறைந்த சொற்களில் அடங்கும், எண்ணிக்கையை நிரப்புவதற்காக நீட்ட வேண்டாம். உங்கள் துறை சொல் வரம்பு தந்திருந்தால் அதுவே முடிவு.

சேர்த்த பத்தியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மூன்று பகுதியில் ஒன்றைக் கையால் மூடிக்கொண்டு மற்ற இரண்டையும் படியுங்கள். சுருக்கத்தை மூடினால் பொருத்தத்தில் "இரண்டாம் சோதனை" எது என்று புரியாமல் போக வேண்டும். மதிப்பீட்டை மூடினால் கையெழுத்தின் மேன்மை உறுதியானது என்ற தவறான எண்ணம் எழ வேண்டும். பொருத்தத்தை மூடினால் இந்தக் கட்டுரை ஏன் பட்டியலில் இருக்கிறது என்று கேட்கத் தோன்ற வேண்டும். ஒன்றை மூடியும் எந்த இழப்பும் தெரியவில்லை என்றால், அந்தப் பகுதி தன் வேலையைச் செய்யவில்லை.

கோட்பாட்டு நூல்களுக்கும் வரலாற்று ஆவணங்களுக்கும் இந்த முறை அப்படியே பொருந்தாது, சுருக்கத்தில் "கண்டார்கள்" என்பதற்கு இடமிருக்காது. அங்கே ஆசிரியரின் வாதத்தை "வாதிடுகிறார்" என்று ஒரு வாக்கியத்தில் தாருங்கள். மதிப்பீட்டில் அந்த வாதம் எந்தச் சான்றுகளின் மேல் நிற்கிறது, எதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று சொல்லுங்கள். பொருத்தம் மட்டும் எங்கும் ஒரே மாதிரிதான். இரண்டு முனையில் ஒன்றை எவ்வளவு முயன்றும் எழுத முடியவில்லை என்றால் வாக்கியத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். அந்த மூலம் உங்கள் பட்டியலுக்குரியது இல்லை, பதிவையே நீக்கிவிடுங்கள்.

அமைப்பைப் பொறுத்தவரை, ஏபிஏ நடைக் கையேட்டின் ஏழாம் பதிப்பின்படி குறிப்புரை நூற்பட்டியல் வரிக்குக் கீழே புதிய பத்தியாக, இடப்பக்கம் முழுவதும் அரை அங்குலம் உள்தள்ளி வரும். எம்எல்ஏ ஒன்பதாம் பதிப்பில் உள்தள்ளல் ஒரு அங்குலம். உர்ரி குழுவின் கட்டுரையை மதிப்பீட்டில் சுட்டிவிட்டதால் அதற்கும் பட்டியலில் தனிப் பதிவு வேண்டும். உங்கள் கேள்விக்கு அது இந்தக் கட்டுரை அளவுக்கே நெருக்கமானது, அடுத்து திருத்த வேண்டிய பதிவாக அதையே எடுத்துக்கொள்ளலாம்.